வெறும் ‘வணக்கம்’ மட்டும் அனுப்புகிறவர் என்ன கேட்கிறார்?

புலனக் குழுக்களில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. பெயர் தெரியாத ஒரு புதிய எண்ணிலிருந்து ‘வணக்கம்’ என்று ஒரு செய்தி வந்து விழும். யார், எந்த ஊர், என்ன வேண்டும் என்ற விவரம் எதுவும் இருக்காது. பார்த்தவர்களில் பலர் பேசாமல் நகர்ந்துவிடுவார்கள். ‘விஷயம் இருந்தால் சொல்ல வேண்டியதுதானே’ என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து அந்த எண் குழுவிலிருந்து வெளியேறிவிடும். இப்போதெல்லாம் ஒருவர் குழுவை விட்டுப் போனால் அந்த அறிவிப்பு நிர்வாகிகளுக்கு மட்டுமே போகிறது. அதனால் வந்ததும் தெரியாமல், போனதும் தெரியாமல் ஒருவர் மறைந்திருப்பார்.

பழைய தோட்டத்து நண்பர்கள் குழு, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் குழு, ஆலயக் குழு, தாமான் குடியிருப்பாளர் குழு என்று நம்மிடையே குழுக்களுக்குக் குறைவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் நகரங்களுக்குச் சிதறிய பிறகு, ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள் மீண்டும் கூடும் இடமாகப் பல நேரங்களில் இந்தக் குழுக்களே இருக்கின்றன. அங்கே வந்து ஒற்றைச் சொல்லோடு நிற்பவர் வேலையற்றவர் என்று நினைப்பது சுலபம். உண்மையில் அவர் ஒரு சோதனை செய்து பார்க்கிறார். அது என்ன சோதனை, அது ஏன் அடிக்கடி தோற்றுப்போகிறது என்பதைப் புரிந்துகொண்டால், பதில் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது எளிதாகும்.

புதியவருக்கு மட்டும் காலியான திரை

முதலில் அவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். ஒரு புலனக் குழுவில் புதிதாகச் சேருபவருக்கு, அவர் சேர்வதற்கு முன் நடந்த உரையாடல்கள் பொதுவாகத் தெரிவதில்லை. யாராவது பழைய செய்திகளை எடுத்து அனுப்பினால்தான் உண்டு. குழு பத்து ஆண்டாக இயங்கியிருக்கலாம். நேற்று இரவு வரை அங்கே கிண்டலும் கேலியுமாக நூறு செய்திகள் ஓடியிருக்கலாம். ஆனால், புதியவரின் கைப்பேசியில் தெரிவது வெறும் காலித் திரைதான்.

பழைய உறுப்பினர்களுக்கு இது தெரிவதில்லை. அவர்கள் பார்க்கும் திரையில் திருமண அழைப்பிதழ், பிறந்தநாள் வாழ்த்து, பழைய படம், வாக்குவாதம் என்று எல்லாம் இருக்கும். யார் கலகலப்பானவர், யார் முன்கோபி, எதைப் பேசினால் சண்டை வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். புதியவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. இந்தக் குழுவில் ஆட்கள் பேசுகிறார்களா, இல்லை எப்போதோ உறங்கிப்போன குழுவா என்றுகூட அவரால் சொல்ல முடியாது. நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருக்கும் மண்டபத்துக்குள், விளக்கை அணைத்துவிட்டு ஒருவரைத் தள்ளிவிட்டது போன்ற நிலை அது.

இருட்டில் நிற்பவர் முதலில் செய்வது குரல் கொடுத்துப் பார்ப்பதுதான். ‘வணக்கம்’ அந்தக் குரல்.

வாசலில் நின்று கூப்பிடுவது

உரையாடல்கள் எப்படித் தொடங்குகின்றன என்பதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கச் சமூகவியலாளர் இம்மானுவேல் ஷெக்லோஃப். 1968ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆய்வு தொலைபேசி அழைப்புகளின் முதல் சில வினாடிகளைப் பற்றியது. தொலைபேசி மணி அடிப்பது ஒரு கூப்பிடு. எடுத்தவர் ‘ஹலோ’ என்பது அதற்கான பதில் என்று அவர் விளக்கினார். இந்த இரண்டும் முடிந்த பிறகுதான் பேச்சே தொடங்குகிறது. கூப்பிடுக்குப் பதில் வராவிட்டால் கூப்பிட்டவர் விஷயத்துக்குள் போவதில்லை. பதில் வந்துவிட்டால், எதற்காகக் கூப்பிட்டேன் என்று சொல்லும் கடமை கூப்பிட்டவருக்கு வந்துவிடுகிறது.

நமக்கு இது புதிய விஷயமில்லை. தெரியாத வீட்டு வாசலில் நின்று, ‘வீட்டுல யாருங்க?’ என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் நிற்போம். உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே, ‘என் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தேன், இருபதாம் தேதி, மண்டபம் கிள்ளானில்’ என்று மூடிய கதவைப் பார்த்து யாரும் சொல்வதில்லை. வெறும் ‘வணக்கம்’ அனுப்புகிறவர் அந்த வாசல் பழக்கத்தைத்தான் கைப்பேசிக்குக் கொண்டுவருகிறார்.

ஆனால், அவர் ஆள் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்றும் பார்க்கிறார். இதை நூறு ஆண்டுக்கு முன்பே கவனித்துச் சொன்னவர் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி. முதல் உலகப் போர்க் காலத்தில், இன்று பப்புவா நியூ கினியைச் சேர்ந்த திரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி அங்குள்ள மக்களின் வாழ்க்கையைப் பதிவு செய்தவர் அவர். 1923இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், மனிதர்கள் பேசும் பேச்சில் பெரும் பகுதி செய்தி சொல்வதற்காகப் பேசப்படுவதில்லை என்று அவர் எழுதினார். நலம் விசாரிப்பது, வெயிலைப் பற்றிச் சொல்வது, தெரிந்ததையே திரும்பச் சொல்வது எல்லாம் ஒருவரோடு ஒருவர் கட்டிக்கொள்ளும் உறவுக்காகத்தான். பேசாமல் இருக்கும் அந்நியன் மனிதனுக்கு இயல்பாகவே அச்சம் தருபவன் என்றும், முதல் சொல் அந்த அச்சத்தைக் கலைக்கிறது என்றும் அவர் விளக்கினார்.

தோட்டத்தில் பால் வெட்டி முடித்துத் திரும்புகிறவரைப் பார்த்து, ‘என்னண்ணே, வேலை முடிஞ்சதா?’ என்று கேட்டவருக்கு, முடிந்துவிட்டது என்பது தெரியும். ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டவர் சோறு போடப் போவதுமில்லை. அந்தக் கேள்விகளுக்கு ஒரே பொருள்தான்: நமக்குள் பகை இல்லை, பேசலாம். வெறும் ‘வணக்கம்’ கேட்பதும் அதுதான். என்னிடம் முகம் கொடுத்துப் பேச இங்கே யாராவது இருக்கிறீர்களா?

நேரடியாகக் கேட்டால் என்ன?

இங்கேதான் அந்த ஒற்றைச் சொல்லின் தந்திரம் இருக்கிறது. ஒருவர் நேரடியாக ஓர் உதவி கேட்டு, நூற்றைம்பது பேரும் மௌனமாக இருந்தால், அது மறுப்புக்குச் சமம். அவருடைய தேவை எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை என்பதும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ‘வணக்கம்’ என்று மட்டும் சொல்லி, அதற்குப் பதில் வராவிட்டால் பெரிய இழப்பில்லை. கவனித்திருக்க மாட்டார்கள் என்று அவரும் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். அவர் எதற்கு வந்தார் என்பதும் யாருக்கும் தெரியாது. கேட்கப்போவது எவ்வளவு கூச்சமான விஷயமோ, அவ்வளவுக்கு இந்த முன்சோதனை தேவைப்படுகிறது. பணம், ஆவணம், உடல்நலம், குடும்பத்தில் காணாமல் போன ஒருவர் போன்ற விஷயங்களோடு வருபவர்கள்தான் வாசலில் அதிகம் தயங்குவார்கள்.

தமிழுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் ஒருவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச வேண்டுமென்றால், அவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். நீ என்பதா, நீங்கள் என்பதா? அண்ணனா, தம்பியா, அக்காவா, ஐயாவா? ‘தெரியுமா’ என்று கேட்பதா, ‘தெரியுங்களா’ என்று கேட்பதா? பழைய ஆசிரியரைத் தம்பி என்று அழைத்துவிட்டால் மரியாதைக் குறைவு. தன்னைவிட இளைய பெண்ணை அம்மா என்று அழைத்தால் அவருக்குச் சங்கடம். குழுவில் தெரிவது வெறும் எண்களும், சாமி படமோ ரோஜாப்பூ படமோ போட்ட சின்ன வட்டங்களும்தான். எதிரே இருப்பவரின் வயதும் உறவும் தெரியாதபோது, யாரையும் தாழ்த்தாமல், யாரையும் உயர்த்தாமல், முறை சொல்லாமல் பேசக்கூடிய சொல் ‘வணக்கம்’. பதில் வரும் தோரணையை வைத்து, அடுத்த வாக்கியத்தை எப்படிப் பேசுவது என்று அவர் முடிவு செய்துகொள்ளலாம்.

ஒரு வணக்கத்தின் இரண்டு நாள்

ஓர் எடுத்துக்காட்டைப் படிப்படியாகப் பார்ப்போம். பேராக்கில் ஒரு தோட்டத்தில் பிறந்து, இப்போது கிள்ளானில் வசிக்கும் அறுபது வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அக்காவின் ஆவணங்களில் ஏதோ சிக்கல். அந்தக் காலத்தில் அதே லயத்தில் குடியிருந்து, அக்கா பிறந்ததை அறிந்த பெரியவர் யாராவது இன்னும் இருக்கிறாரா என்று தேடுகிறார். யாரோ அந்தத் தோட்டத்துப் பழைய நண்பர்கள் குழுவின் இணைப்பை அனுப்ப, அவர் சேருகிறார். குழுவில் 150 பேர்.

திங்கட்கிழமை இரவு எட்டே முக்காலுக்கு ‘வணக்கம்’ என்று அனுப்புகிறார். செய்திக்குக் கீழே ஒரே ஒரு சாம்பல் நிறக் குறி. பத்து மணிக்குப் பார்க்கிறார். இன்னும் ஒரே குறி. மறுநாள் காலையிலும் அதே நிலை. செவ்வாய் மதியம் யாரோ ஒருவர் ஒரு சாமி படத்தையும் ‘இனிய காலை’ வாழ்த்தையும் போடுகிறார். தன்னுடைய வணக்கத்தைப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டு, வேறு ஏதோ போடுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றுகிறது. புதன்கிழமை அவர் வெளியேறிவிடுகிறார். அக்காவைத் தூக்கி வளர்த்த பக்கத்து வீட்டுப் பாட்டியின் மகன் அந்தக் குழுவில் இருந்திருக்கலாம். கேள்வி கேட்கப்படவே இல்லை என்பதால் அவருக்கும் ஒன்றும் தெரியாது.

இந்தக் கதையில் அவர் இரண்டு இடங்களில் தவறாகப் படித்துவிட்டார். குறியையும் தவறாகப் படித்தார். மௌனத்தையும் தவறாகப் படித்தார்.

குறியை முதலில் பார்ப்போம். தனி உரையாடலில் இரண்டு சாம்பல் குறி என்றால் செய்தி போய்ச் சேர்ந்தது. இரண்டும் நீலமானால் அவர் பார்த்துவிட்டார். குழுவில் கணக்கு வேறு. குழுவிலுள்ள எல்லாருடைய கைப்பேசிக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் இரண்டாவது குறி விழும். எல்லாரும் பார்த்த பிறகுதான் நீலமாகும். 150 பேரில் ஒருவருடைய கைப்பேசி அணைந்திருந்தாலும், பழைய எண்ணைக் கைவிட்டவர் ஒருவர் இருந்தாலும், ஒற்றைக் குறியே நிற்கும். ஆகவே, பெரிய குழுவில் அந்தக் குறி எதையும் சொல்வதில்லை. உண்மை தெரிய வேண்டுமானால், அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து, Info என்பதைத் தொட வேண்டும். யார் யார் பார்த்தார்கள், யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்ற இரண்டு பட்டியல்கள் அங்கே வரும். தனி உரையாடலில் நீலக் குறியை மறைத்து வைத்திருப்பவர்களும், குழுச் செய்தியைப் பார்த்தால் அந்தப் பட்டியலில் வந்துவிடுவார்கள்.

அந்தப் பட்டியலில் நான்கு பேர் மட்டும் இருந்தால், வணக்கம் இன்னும் ஊருக்குள் போய்ச் சேரவில்லை என்று பொருள். குழுக்களின் ஒலியை அணைத்து வைத்திருப்பவர்கள் ஏராளம். வேலைக்குப் போகிறவர்கள் வார இறுதியில்தான் திறந்து பார்ப்பார்கள். காத்திருப்பதில் தவறில்லை.

எல்லாருக்கும் சொன்னது யாருக்கும் சொன்னதாகாது

பட்டியலில் அறுபது பேர் இருந்தும் பதில் வரவில்லை என்றால்? அப்போதும் அது வெறுப்பு என்று முடிவு கட்ட முடியாது.

இதைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. பேட்ரிக் மார்க்கி என்ற உளவியலாளர், இணையத்திலுள்ள 400 அரட்டைக் குழுக்களில் ஒரு சின்ன உதவி கேட்டுச் செய்தி போட்டு, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். குழுவில் எவ்வளவு அதிகம் பேர் இருந்தார்களோ, பதில் வர அவ்வளவு அதிக நேரம் ஆனது. கூட்டம் பெரிதானால் உதவி சீக்கிரம் கிடைக்கும் என்று நாம் நினைப்பதற்கு நேர் எதிர். ஒவ்வொருவரும் ‘வேறு யாராவது பதில் போடுவார்கள்’ என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால், அதே உதவியை ஒருவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டபோது, இந்தத் தாமதம் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

தோட்டத்தில் விடியற்காலைப் பிரட்டில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘எல்லாரும் வந்தாச்சா?’ என்று பொதுவாகக் கேட்டிருந்தால் யாரிடமிருந்து பதில் வந்திருக்கும்? பெயர் கூப்பிட்டதால்தான் கூப்பிட்ட பெயருக்குரியவர் குரல் கொடுத்தார். குழுவில் விழும் ‘வணக்கம்’ பெயர் கூப்பிடாத பிரட்டு. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று எவருக்கும் தெரிவதில்லை.

வாசலில் நின்று கூப்பிடுவதற்கும் குழுவில் கூப்பிடுவதற்கும் உள்ள முக்கிய வேறுபாடும் இதில் அடங்கியிருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் ஐந்து பேர். குரல் அந்த நேரத்திலேயே கேட்கும். கேட்டவர் வந்து பார்த்தாக வேண்டும். குழுவில் குரல் கேட்பது ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நேரத்தில். மூன்று மணி நேரம் கழித்துப் பார்ப்பவருக்கு, ‘இதற்கு இனி என்ன பதில் போடுவது’ என்ற எண்ணம்தான் வரும். மேலும், அவர் ‘வணக்கம்’ என்று திருப்பிச் சொன்னால், அடுத்து என்ன வரப்போகிறது என்றும் அவருக்குத் தெரியாது. கடனா, நேரடி விற்பனையா, காப்புறுதியா? கூப்பிட்டவர் தன்னைக் காத்துக்கொள்ள விஷயத்தை மறைத்து வைத்தார். அந்த மறைப்பே எதிரில் இருப்பவரையும் தயங்க வைக்கிறது.

ஆனாலும் ஏன் வலிக்கிறது?

காரணம் தெரிந்தாலும் வலி வலிதான். புறக்கணிப்பைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்தவர் கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர். ஒருமுறை பூங்காவில் அமர்ந்திருந்தபோது, இருவர் விளையாடிக்கொண்டிருந்த பறக்கும் தட்டு அவர் பக்கம் வந்து விழுந்தது. எடுத்து வீசினார். அவர்கள் அவரையும் சேர்த்துக்கொண்டு சற்று நேரம் விளையாடினார்கள். பிறகு எதுவும் சொல்லாமல் மீண்டும் தங்களுக்குள்ளேயே வீசிக்கொண்டார்கள். முன்பின் தெரியாத இருவர் செய்த அந்தச் சிறிய காரியம் தன்னை அவ்வளவு பாதித்ததே என்ற வியப்பிலிருந்துதான் அவருடைய ஆய்வு பிறந்தது.

பின்னர் அவரும் அவருடைய குழுவினரும் அதைக் கணினி விளையாட்டாக மாற்றினார்கள். திரையில் மூவர் பந்து வீசிக்கொள்வார்கள். சற்று நேரத்தில் மற்ற இருவரும் சோதனைக்கு வந்தவரிடம் பந்தை வீசுவதை நிறுத்திவிடுவார்கள். 2000ஆம் ஆண்டு இணையத்தின்வழி நடத்திய சோதனையில், முகம் காணாத, இனி சந்திக்கப் போவதுமில்லாத ஆட்கள் ஒதுக்கியபோதே மக்கள் மனம் சோர்ந்தார்கள். 2004இல் வெளிவந்த தொடர் ஆய்வில், பந்து வீசாமல் விட்டது வெறும் கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லியும் அந்தச் சோர்வு குறையவில்லை.

வெறும் இயந்திரம் ஒதுக்கியதே மனத்தைத் தொடுமென்றால், தான் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் பெயர் தாங்கிய குழுவில் கிடைக்கும் மௌனம் எப்படி இருக்கும்? கிள்ளான்காரர் இரண்டு நாளில் வெளியேறியதற்கு அவசர புத்தி காரணமில்லை. அவர் செய்த சோதனைக்கு ‘இங்கே உனக்கு இடமில்லை’ என்று விடை வந்ததாக அவர் படித்துக்கொண்டார்.

ஒரு பதில் செய்யும் வேலை

புதியவருக்குக் கிடைக்கும் முதல் பதில் எவ்வளவு முக்கியம் என்பதற்கும் அளவு இருக்கிறது. அமெரிக்காவில் ஜாய்ஸ், கிரவுட் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு இணையக் குழுக்களில் புதிதாக எழுதிய 2,777 பேரின் முதல் செய்தியையும், அதற்கு வந்த பதிலையும் பார்த்தார்கள். பதில் கிடைக்காதவர்களில் 44 விழுக்காட்டினர் மீண்டும் எழுதினார்கள். பதில் கிடைத்தவர்களில் அது 56 விழுக்காடு.

அந்த ஆய்வில் இரண்டு விஷயங்கள் நமக்குப் பயன்படும். ஒன்று, வந்த பதில் இனிமையாக இருந்ததா, கேட்டதற்கு விடை கிடைத்ததா என்பதெல்லாம் அவர்கள் திரும்பி வந்ததில் மாற்றம் ஏற்படுத்தவில்லை. பதில் வந்ததே போதுமானதாக இருந்தது. ஆகவே, ‘எனக்கு விவரம் தெரியாதே, நான் ஏன் பேச வேண்டும்’ என்று பழைய உறுப்பினர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. இரண்டு, முதல் செய்தியில் கேள்வி கேட்டவர்களுக்கும், சற்று நீளமாக எழுதியவர்களுக்கும்தான் பதில் அதிகம் கிடைத்தது. இதன்படி பார்த்தால், பதில் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைந்த செய்தி, கேள்வியும் நீளமும் இல்லாத வெறும் ‘வணக்கம்’தான்.

அப்படியானால், நம் கிள்ளான்காரர் எப்படி எழுதியிருக்கலாம்? கூச்சமான விஷயத்தை உடனே அவிழ்க்கத் தேவையில்லை. வாசலில் நிற்பவர் யார் என்று மட்டும் சொன்னால் போதும். ‘வணக்கம். நான் மூன்றாவது லயத்தில் இருந்த கங்காணி வீட்டுப் பேரன். 1978 வரை அங்கே இருந்தோம். அந்த லயத்தில் குடியிருந்தவர்கள் இந்தக் குழுவில் யாராவது இருக்கிறீர்களா?’ என்பது மாதிரி நான்கு வரி.

இதில் அவருடைய அக்காவின் ஆவணச் சிக்கல் வெளிப்படவில்லை. ஆனால், ஆள் யார் என்பது தெரிந்துவிட்டது. விற்பனைக்கு வந்தவர் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. முறை வைத்து அழைக்கவும் வழி பிறந்துவிட்டது. ‘கங்காணி தாத்தா பேரனா? நான் உனக்கு மாமா முறை’ என்று யாராவது தொடங்குவார். எல்லாவற்றையும்விட, கேள்வி 150 பேரிடமிருந்து மூன்றாவது லயத்துக்காரர்களான ஏழெட்டுப் பேரிடம் சுருங்கிவிட்டது. பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது இப்போது தெளிவு. குழுவில் தெரிந்த ஒருவர் இருந்தால், @ குறி போட்டு அவர் பெயரைச் சேர்த்தால் இன்னும் நல்லது. குழுவின் ஒலியை அணைத்து வைத்திருப்பவருக்கும், தன் பெயர் சொல்லப்பட்டால் பொதுவாக அறிவிப்பு போகும்.

மறு பக்கத்தில், ஒற்றை ‘வணக்கம்’ வந்து கிடப்பதைப் பார்க்கும் பழைய உறுப்பினர் செய்ய வேண்டியதும் சிறிய வேலைதான். பதிலுக்கு வெறும் ‘வணக்கம்’ போட்டால், பந்து இருவருக்கும் நடுவில் நின்றுவிடும். கைகூப்பும் படத்தைப் போட்டாலும் அப்படித்தான்; அதற்கு மேல் பேசலாமா என்ற கேள்விக்கு அது விடை தருவதில்லை. ‘வணக்கம், வாங்க. எந்த லயத்துல இருந்தீங்க?’ என்று ஒரு கேள்வியும் சேர்ந்தால், பேசலாம் என்ற அனுமதி கிடைத்துவிடுகிறது. எந்தக் குழுவிலும் இதை யாராவது செய்வார் என்று விட்டால் யாரும் செய்ய மாட்டார்கள் என்பதை மேலே பார்த்தோம். அதனால், புதியவரை வரவேற்கும் பொறுப்பை நிர்வாகி இரண்டு பேருக்குப் பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுவது நல்லது.

எண் தெரியாத ‘ஹாய்’

இவ்வளவும் குழுவுக்குப் பொருந்தும். தனிப்பட்ட உரையாடலில், முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வரும் ‘ஹாய்’ வேறு கதை. அங்கேயும் நடப்பது அதே சோதனைதான். சோதிப்பவரின் நோக்கம்தான் வேறு. இந்த எண் புழக்கத்தில் இருக்கிறதா, எடுப்பவர் முகம் கொடுத்துப் பேசுகிறவரா என்று மோசடிக்காரர்களும் இதே ஒற்றைச் சொல்லைப் போட்டுப் பார்க்கிறார்கள். மரியாதைக்குப் பதில் சொல்லும் நம் பழக்கம் அவர்களுக்கு வசதியாகிறது. பதில் வந்தால், ‘மன்னிக்கவும், எண் மாறிவிட்டது’ என்று தொடங்கி, நட்பாகி, பிறகு முதலீடு அல்லது அவசரப் பண உதவி என்று பேச்சு போகும்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. உண்மையில் உறவு தேடி வருபவரிடம், ‘நீங்கள் யார், என் எண் யார் கொடுத்தார்?’ என்று கேட்டால், ஊர், குடும்பம், பொதுவாகத் தெரிந்த ஒருவர் பெயர் என்று சரிபார்க்கக்கூடிய விவரம் வரும். அந்தப் பொதுவானவரை அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம். மோசடிக்காரர் அந்தக் கேள்வியைச் சுற்றிப் போவார்; ‘யாரென்று கண்டுபிடியுங்கள்’ என்பார்; அல்லது உடனே வேறு செயலிக்கு வரச் சொல்வார். சந்தேகம் இருந்தால் பதில் போடாமல் எண்ணைத் தடுத்துவிடலாம்; அதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. ஏமாந்து பணம் அனுப்பிவிட்டவர்கள் மலேசியாவில் தாமதமின்றி 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். சிங்கப்பூரில் மோசடியோ என்ற சந்தேகம் எழுந்தால் 1799 என்ற எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

குழுவில் வரும் வணக்கத்துக்கு இந்த அச்சம் பெரும்பாலும் தேவைப்படாது. 150 பேர் பார்க்க, ‘எந்த லயம்?’ என்று கேட்பதில் யாருக்கும் நட்டமில்லை. உண்மையான தோட்டத்துக்காரருக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியும். அல்லாதவர் அங்கேயே நின்றுவிடுவார்.